சந்தை மதிப்பு 2,950 கோடி, விலை 5,000 கோடி: நடுவில் நிற்கும் நிகரக் கடன்

2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, குஜராத்தின் கச்சு மாவட்டத்தில் சிமெண்ட் ஆலை வைத்திருக்கும் சாங்கி இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தைக் கையகப்படுத்தப் போவதாக அம்புஜா சிமெண்ட்ஸ் அறிவித்தது. புரமோட்டர்கள் கையில் இருந்த 56.74 விழுக்காடு பங்குகளை, பங்கு ஒன்றுக்கு 114.22 ரூபாய் கொடுத்து வாங்குவதாக ஒப்பந்தம். சாங்கியின் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 25.83 கோடி. இந்த விலையில் எல்லாப் பங்குகளையும் ஒருவர் வாங்குவதாகக் கணக்கிட்டால், கொடுக்க வேண்டிய தொகை சுமார் 2,950 கோடி ரூபாய். ஆனால் அம்புஜாவின் அறிவிப்பு, 5,000 கோடி ரூபாய் என்ற எண்டர்பிரைஸ் வேல்யூ அடிப்படையில் சாங்கியை வாங்குவதாகச் சொன்னது. ஒரே நாள், ஒரே நிறுவனம், ஒரே ஒப்பந்தம். விலை மட்டும் இரண்டு. பங்குச் சந்தையைப் புதிதாகப் பின்தொடரத் தொடங்கியவர்கள் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் 2,050 கோடி ரூபாயை விளங்கிக்கொண்டால், இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது நேரக்கூடிய பெரிய பிழை ஒன்றிலிருந்து தப்பிவிடலாம்.

2,950 கோடி என்பது பங்குகளின் விலை. பங்கின் விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் கிடைக்கும் தொகையைத்தான் மார்க்கெட் கேப் அல்லது சந்தை மதிப்பு என்கிறோம். (சாங்கி விஷயத்தில் நாம் பெருக்கியது அன்றைய சந்தை விலையை அல்ல, ஒப்பந்த விலையை, கணக்கின் முறை ஒன்றுதான்.) இது பங்குதாரர்களுக்கு உரிய பகுதியின் மதிப்பு மட்டுமே. சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் சுரங்கம், மின் நிலையம் ஆகியவற்றைக் கட்டுவதற்கு ஒரு நிறுவனம் பங்குதாரர்களின் பணத்தை மட்டும் பயன்படுத்துவதில்லை. வங்கிகளிடமும் கடன் பத்திரம் வாங்கியவர்களிடமும் பெற்ற பணமும் அந்தச் சுவர்களுக்குள்தான் இருக்கிறது. பங்குகள் முழுவதையும் ஒருவர் வாங்கிவிட்டாலும் அந்தக் கடன்கள் மறைந்துவிடாது. புதிய உரிமையாளரின் பொறுப்பில் அந்த நிறுவனம் தொடர்ந்து வட்டி கட்ட வேண்டும், தவணை வரும்போது அசலைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே ஆலை முழுவதையும் கடன் சுமை இல்லாமல் கையில் எடுப்பதற்கு ஆகும் விலை, பங்குகளின் விலையோடு கடனையும் சேர்த்த தொகையாகும்.

கடனைச் சேர்க்கும்போதே நிறுவனத்தின் கையில் இருக்கும் ரொக்கத்தைக் கழித்துவிட வேண்டும். நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் 100 கோடி ரூபாய் இருந்தால், வாங்குபவர் மறுநாளே அந்தப் பணத்தைக் கொண்டு 100 கோடி கடனை அடைத்துவிட முடியும் என்பதே இதற்குக் காரணம். மொத்தக் கடனிலிருந்து ரொக்கத்தையும், எளிதில் ரொக்கமாக்கக்கூடிய முதலீடுகளையும் கழித்தால் மிஞ்சுவது நிகரக் கடன். சந்தை மதிப்போடு நிகரக் கடனைக் கூட்டினால் கிடைப்பது எண்டர்பிரைஸ் வேல்யூ. இந்தக் கட்டுரையில் அதை நிறுவன மதிப்பு என்று குறிப்பிடுகிறேன். சாங்கியின் கணக்கில் இடைவெளியாக நின்ற 2,050 கோடி ரூபாய், வாங்குபவர் நிகரக் கடனாகவும் அதற்கு ஒப்பான பொறுப்புகளாகவும் எடுத்துக்கொண்ட தொகையாகும்.

இது வெறும் கணக்கியல் நுணுக்கம் அல்ல என்பதை சிமெண்ட் துறையினர் ஆலைகளை மதிப்பிடும் முறையே காட்டிவிடும். ஓர் ஆலை ஆண்டுக்கு எத்தனை டன் அரைக்கும் திறன் கொண்டது என்று பார்த்து, ஒரு டன் திறனுக்கு என்ன விலை என்று அவர்கள் கேட்பார்கள். சாங்கியின் சிமெண்ட் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 61 லட்சம் டன். 2,950 கோடியை இதனால் வகுத்தால் டன்னுக்குச் சுமார் 4,840 ரூபாய் வரும். 5,000 கோடியை வகுத்தால் சுமார் 8,200 ரூபாய். முதல் எண்ணை நம்பிய ஒருவர், புதிதாக ஆலை கட்ட ஆகும் செலவோடு அதை ஒப்பிட்டு, சாங்கி கிட்டத்தட்ட பாதி விலைக்குப் போய்விட்டது என்று நினைத்திருப்பார். துறையில் இருக்கும் எவரும் அந்த முதல் வகுத்தலைச் செய்ய மாட்டார்கள், ஏனென்றால் 61 லட்சம் டன் என்பது ஆலை முழுவதன் திறன். அதைப் பங்குதாரர்களின் பகுதிக்கு மட்டும் உரிய விலையால் அளப்பது பொருந்தாது.

ஒப்பிடுவதற்கான விதி இங்கேதான் பிறக்கிறது. விற்பனை, உற்பத்தித் திறன், வட்டிக்கு முந்தைய லாபம் ஆகியவை கடன் கொடுத்தவர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் பொதுவானவை; அவற்றை நிறுவன மதிப்போடுதான் சேர்த்துப் பார்க்க வேண்டும். வட்டியும் வரியும் போக மிஞ்சும் நிகர லாபம் பங்குதாரர்களுக்கு மட்டுமே உரியது. அதைச் சந்தை மதிப்போடு சேர்த்துப் பார்க்கலாம். பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுக்கும் பிஇ விகிதம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதால் அதில் முரண் எதுவும் இல்லை. ஆனால் கடன் அளவில் வேறுபடும் இரண்டு நிறுவனங்களைப் பிஇ விகிதத்தால் மட்டும் ஒப்பிட்டால் எப்படித் தடம் மாறிவிடுவோம் என்பதை, எண்களைச் சுலபமாக வைத்துக்கொண்டு நானே அமைத்த ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன்.

இரண்டு சிமெண்ட் நிறுவனங்கள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டுக்கும் ஒரே அளவு ஆலை, ஒரே விற்பனை. வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபம், அதாவது எபிட்டா, இரண்டுக்கும் ஆண்டுக்கு 500 கோடி ரூபாய். தேய்மானமும் இரண்டுக்கும் 150 கோடி. முதல் நிறுவனத்துக்குக் கடனே இல்லை. வங்கியில் 200 கோடி ரூபாய் இருக்கிறது. அதன் சந்தை மதிப்பு 3,200 கோடி. இரண்டாவது நிறுவனத்துக்கு 9 விழுக்காடு வட்டியில் 2,000 கோடி கடன் இருக்கிறது. கையில் 100 கோடி ரொக்கம். அதன் சந்தை மதிப்பு 1,300 கோடி. வரி 25 விழுக்காடு என்றும், ரொக்கத்தின் மீது வரும் சிறு வட்டியைக் கணக்கில் கொள்ளவில்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் நிறுவனத்துக்குத் தேய்மானம் போக 350 கோடி, வரி போக 262.5 கோடி லாபம். 3,200 கோடியை 262.5-ஆல் வகுத்தால் பிஇ விகிதம் சுமார் 12.2. இரண்டாவது நிறுவனம் 180 கோடி வட்டி கட்டியாக வேண்டும் என்பதால் வரிக்கு முன் அதற்கு மிஞ்சுவது 170 கோடி, வரிக்குப் பின் 127.5 கோடி, பிஇ விகிதம் சுமார் 10.2. சந்தை மதிப்பைப் பார்த்தாலும் சரி, பிஇ விகிதத்தைப் பார்த்தாலும் சரி, இரண்டாவதுதான் மலிவு என்று தோன்றும். அதே அளவு ஆலை, அதே அளவு எபிட்டா, ஆனால் 1,300 கோடிக்கே கிடைக்கிறதே என்று ஒருவர் ஆசைப்படுவது இயல்புதான்.

இப்போது நிகரக் கடனைச் சேர்த்துப் பார்ப்போம். முதல் நிறுவனத்தின் மதிப்பு 3,200 கோடியிலிருந்து 200 கோடி ரொக்கத்தைக் கழிக்க 3,000 கோடி. எபிட்டாவைப் போல் 6 மடங்கு. இரண்டாவது நிறுவனத்தின் நிகரக் கடன் 1,900 கோடி. அதைச் சந்தை மதிப்போடு கூட்டினால் 3,200 கோடி. எபிட்டாவைப் போல் 6.4 மடங்கு. ஆக, மலிவாகத் தெரிந்த ஆலைதான் உண்மையில் 200 கோடி ரூபாய் அதிக விலைக்கு நிற்கிறது. பிஇ விகிதம் பொய் சொல்லவில்லை. நிறுவனம் கடனுக்குக் கொடுக்கும் வட்டியைவிட ஆலை ஈட்டித் தரும் வருமான விகிதம் அதிகமாக இருக்கும்போது, கடன் கூடக் கூட மீதமுள்ள சிறிய பங்கு மூலதனத்துக்கு லாபம் பெரிதாகத் தெரியும். பிஇ விகிதம் இறங்கும். இறக்கத்துக்குக் காரணம் ஆலையின் விலை குறைவு அல்ல, கடன் வாங்கிய அளவுதான். கடனுக்கான வட்டி ஆலையின் வருமான விகிதத்தைத் தாண்டிவிட்டால் இதே கணக்கு நேர் எதிராகத் திரும்பும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போது கடன்பட்ட நிறுவனத்தின் பிஇ விகிதம் ஏறிவிடும், விலை அதிகம் என்று தவறாகத் தோன்றும்.

அந்த 200 கோடி வித்தியாசத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, சிமெண்ட் விலை சரியும் ஓர் ஆண்டில் இந்த இரண்டு பங்குகளுக்கும் என்ன நேரும் என்பதுதான். எபிட்டா ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 400 கோடியாகிவிட்டதாகக் கொள்வோம். முதல் நிறுவனத்தின் நிகர லாபம் 262.5 கோடியிலிருந்து 187.5 கோடியாகும், குறைவு சுமார் 29 விழுக்காடு. இரண்டாவது நிறுவனமோ அதே 180 கோடி வட்டியைக் கட்டியே தீர வேண்டும் என்பதால், அதன் லாபம் 127.5 கோடியிலிருந்து 52.5 கோடியாகச் சரியும். குறைவு சுமார் 59 விழுக்காடு. சந்தை இரண்டு ஆலைகளுக்கும் பழைய மடங்கையே கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், முதல் நிறுவனத்தின் மதிப்பு 2,400 கோடி, ரொக்கத்தைக் கூட்டினால் சந்தை மதிப்பு 2,600 கோடி. ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான வீழ்ச்சி. இரண்டாவது நிறுவனத்தின் மதிப்பு 2,560 கோடி, அதிலிருந்து 1,900 கோடி நிகரக் கடனைக் கழித்தால் பங்குதாரர்களுக்கு மிஞ்சுவது 660 கோடி. 1,300 கோடியாக இருந்தது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆலைகளுக்கு நேர்ந்தது ஒன்றேதான். கடன் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளாததால், இழப்பு முழுவதும் கீழே இருக்கும் மெல்லிய பங்கு மூலதனத்தின் மேல் விழுந்தது. ஏறுமுகத்தில் இதே விசை மறுபக்கம் வேலை செய்யும். கடன்பட்ட நிறுவனத்தின் பங்கு வேகமாக ஏறும். அதை நிர்வாகத்தின் திறமை என்று எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

இந்த எண்ணை நாமே கணக்கிடுவது கடினமில்லை, ஆனால் எந்த வரியிலிருந்து எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் தனி நிறுவனக் கணக்கு ஒன்றும், துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு ஒன்றும் இருக்கும். எடுக்க வேண்டியது ஒருங்கிணைந்த கணக்கின் இருப்புநிலைக் குறிப்பு. கடன் அதில் இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கும்: ஓராண்டுக்குப் பிறகு அடைக்க வேண்டியது நடப்பு அல்லாத பொறுப்புகளின் கீழும், ஓராண்டுக்குள் அடைக்க வேண்டியது நடப்புப் பொறுப்புகளின் கீழும். நீண்ட காலக் கடனின் வரும் ஆண்டுத் தவணைகள் இப்போது இந்த இரண்டாவது வரியிலேயே சேர்ந்துவிடுகின்றன. 2021 ஏப்ரலுக்கு முந்தைய அறிக்கைகளில் அவை மற்ற நிதிப் பொறுப்புகள் என்ற தலைப்பின் கீழ் இருந்தன, ஆகவே பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுபவர்கள் அங்கேயும் தேட வேண்டும். குத்தகைப் பொறுப்பு தனி வரியாக வரும். 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கணக்கியல் தரத்தின்படி பெரும்பாலான வாடகைகள் எபிட்டாவுக்கு மேலே செலவாகக் காட்டப்படாமல் தேய்மானமாகவும் வட்டியாகவும் மாறிவிட்டதால், எபிட்டாவை அப்படியே எடுப்பவர் குத்தகைப் பொறுப்பையும் கடனில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் வாடகைக் கடைகளில் இயங்கும் சில்லறை வணிக நிறுவனம் சொந்தக் கட்டடம் வைத்திருக்கும் நிறுவனத்தைவிட மலிவாகத் தோன்றிவிடும்.

ரொக்கப் பக்கத்திலும் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிடக் கூடாது. வங்கி உத்தரவாதத்துக்காக அடகாக வைக்கப்பட்ட வைப்புத்தொகையும், பங்குதாரர்கள் பெற்றுக்கொள்ளாத ஈவுத்தொகைக்காக ஒதுக்கிய பணமும் ‘பிற வங்கி இருப்புகள்’ என்ற வரியில் கலந்திருக்கும். அவற்றைக் கொண்டு கடனை அடைக்க முடியாது. குறிப்புகள் பகுதியில் அந்த வரிக்கான எண்ணைத் தேடிப் படித்தால் எவ்வளவு பணம் கட்டுண்டு கிடக்கிறது என்பது தெரிந்துவிடும். மாறாக, நடப்பு முதலீடுகள் என்ற தலைப்பில் இருக்கும் லிக்விட் மியூச்சுவல் ஃபண்டுகள் ரொக்கத்துக்குச் சமம். அவற்றை விட்டுவிட்டால் நிகரக் கடன் மிகையாகத் தெரியும்.

இன்னொரு சிக்கல் தேதியைப் பற்றியது. சந்தை மதிப்பு இன்றைய விலையில் கிடைக்கிறது. இருப்புநிலைக் குறிப்போ மார்ச் 31, செப்டம்பர் 30 ஆகிய இரண்டு நாள்களின் நிலையைத்தான் காட்டும். அந்த இரு நாள்களை ஒட்டி, சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பட்டுவாடாவைத் தள்ளிவைத்தும், வாடிக்கையாளர்களிடம் வசூலை முடுக்கியும் கடனைக் குறைத்துக் காட்டும் பழக்கம் சில நிறுவனங்களிடம் உண்டு. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஆண்டு முழுவதும் செலுத்திய வட்டியை ஆண்டு இறுதிக் கடனால் வகுத்துப் பாருங்கள். ஒரு நிறுவனம் 9 விழுக்காட்டில் கடன் வாங்குவதாகத் தரக் குறியீட்டு அறிக்கையோ ஆண்டறிக்கையின் குறிப்போ சொல்கிறது, ஆண்டு இறுதிக் கடன் 1,000 கோடி, ஆனால் வட்டிச் செலவு 150 கோடி என்றால், அந்த வட்டிக்கு உரிய சராசரிக் கடன் 1,650 கோடிக்கும் மேல் இருந்திருக்க வேண்டும். வட்டிச் செலவில் வங்கிக் கட்டணங்களும் குத்தகை வட்டியும் கலந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றை முதலில் கழித்துவிட வேண்டும். கழித்த பிறகும் இடைவெளி பெரிதாக இருந்தால், ஒப்பீட்டுக்கு மார்ச் 31-இன் எண்ணை அல்ல, இந்தச் சராசரியையே நான் எடுத்துக்கொள்வேன்.

துணை நிறுவனத்தில் வெளியாருக்கும் பங்கு இருந்தால், ஒருங்கிணைந்த எபிட்டாவில் அவர்களுடைய பகுதியும் சேர்ந்தே வரும் என்பதால், அந்தச் சிறுபான்மைப் பங்கின் மதிப்பையும் நிறுவன மதிப்போடு கூட்ட வேண்டும். இதைவிட அடிக்கடி தடுமாற வைப்பது, குழுவுக்குள் ஒரு நிதி நிறுவனம் இருக்கும் நிலை. மகிந்திரா அண்ட் மகிந்திராவின் ஒருங்கிணைந்த கணக்கில், வாகனக் கடன் கொடுக்கும் மகிந்திரா ஃபைனான்ஸ் திரட்டிய கடன் முழுவதும் வந்து சேர்கிறது. இணையத்தில் பங்கு விவரம் தரும் தளங்கள் அதை அப்படியே எடுத்துக் கூட்டி நிறுவன மதிப்பைக் காட்டினால், டிராக்டரும் கார்களும் செய்யும் தொழில் பெருங்கடனில் மூழ்கியிருப்பதுபோல் தோன்றும். கடன் கொடுக்கும் தொழிலுக்குக் கடன் என்பது மூலப்பொருள். வாங்கிய கடனுக்கு எதிரே வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய கடன் நிற்கிறது. இத்தகைய குழுக்களில் நிதிப் பிரிவைத் தனியே பிரித்து, அதன் பங்குகளை ஒரு முதலீடாக மதிப்பிட்டுவிட்டு, மற்ற தொழில்களுக்கு மட்டும் நிகரக் கடனைக் கணக்கிட வேண்டும். இதே காரணத்தால் வங்கிகளுக்கும் வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கும் நிறுவன மதிப்பு என்ற அளவுகோலே பொருந்தாது.

கடைசியாக, கடனை அதன் முகமதிப்பில் கூட்டுகிறோம் என்ற எடுகோளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடன் முழுவதும் திரும்ப வரும் என்ற நிலையில் இருக்கும் நிறுவனங்களுக்கு அது சரி. மூழ்கும் நிறுவனத்துக்குச் சரியல்ல. ஒடிசாவில் ஆண்டுக்கு 56 லட்சம் டன் திறனுள்ள ஆலை வைத்திருந்த பூஷண் ஸ்டீல், திவால் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கி 2017-இல் முதலில் அனுப்பச் சொன்ன 12 பெருங்கணக்குகளுள் ஒன்று. நிதிக் கடன் கொடுத்தவர்களுக்கு அது தர வேண்டியிருந்த தொகை சுமார் 56,000 கோடி ரூபாய். 2018 மே மாதம் டாடா ஸ்டீல் அதன் 72.65 விழுக்காடு பங்குகளைப் பெற்றபோது, அந்தப் பங்குகளுக்காகக் கொடுத்தது சுமார் 159 கோடி ரூபாய்தான். வங்கிகள் முதலான நிதிக் கடன் கொடுத்தவர்களுக்கு 35,200 கோடியும், கடனுக்குச் சரக்கும் சேவையும் அளித்தவர்களுக்கு 1,200 கோடியும் ஒதுக்கப்பட்டன.

பங்கின் விலையை மட்டும் பார்த்தவருக்கு இது சில நூறு கோடி மதிப்புள்ள நிறுவனம்; சூத்திரத்தில் கடனை முகமதிப்பில் கூட்டியவருக்கு 56,000 கோடியைத் தாண்டிய நிறுவனம்; ஆலையை உண்மையில் எடுத்து நடத்த முன்வந்தவர் கொடுத்த விலையோ 36,500 கோடிக்குச் சற்று மேல். கடன் கொடுத்தவர்கள் தங்கள் தொகையில் ஏறத்தாழ 37 விழுக்காட்டை இழந்ததால், அந்த இழப்பு கணக்கிட்ட நிறுவன மதிப்புக்கும் உண்மை விலைக்கும் இடையே அப்படியே தெரிகிறது. ஆகவே ஒரு நிறுவனத்தின் எபிட்டா அதன் வட்டியைக் கட்டவே போதாத நிலையில் இருந்தால், சந்தை மதிப்போடு கடனைக் கூட்டிக் கிடைக்கும் எண்ணை மற்றொரு நிறுவனத்தோடு ஒப்பிடப் பயன்படுத்தக் கூடாது. முதலில் ஆலையின் மதிப்பை டன் கணக்கிலோ இயல்பான ஆண்டின் எபிட்டாவைக் கொண்டோ தனியே கணித்து, அதற்குள் கடன் எவ்வளவு அடங்கும் என்று பார்த்த பிறகே, பங்குதாரருக்கு ஏதேனும் மிஞ்சுமா என்ற கேள்விக்குப் போக வேண்டும்.